ரெஸ்யூமேயில் விசா நிலையை எழுதுவது எப்படி: அமெரிக்க வேலைகளுக்கான முழு வழிகாட்டி

சென்னை, கோவையிலிருந்து அமெரிக்க வேலைகளுக்குப் போகும் ரெஸ்யூமேக்களில் இந்த வரியை அடிக்கடி பார்க்கலாம்:

```
Valid US visa till 2032
```

எழுதியவருக்கு அது பெரிய தகுதி. படிக்கும் ரெக்ரூட்டருக்கோ அதிலிருந்து எதுவும் தெரியாது. பத்து வருட விசா என்றால் பெரும்பாலும் பி1/பி2. அது போய்ப் பார்த்துவிட்டு வருவதற்கான விசா, வேலை செய்வதற்கானது அல்ல. தெரிந்த ரெக்ரூட்டர் சிரித்துக்கொண்டு அடுத்த ரெஸ்யூமேக்குப் போவார். தெரியாதவர் போன் செய்து, இரண்டு நிமிடத்தில் விஷயம் புரிந்து, பேச்சை முடித்துக்கொள்வார். அந்த வரியை முதலில் எடுத்துவிடுங்கள்.

விசா நிலையை எழுதவே கூடாது என்பவர்களும் உண்டு. யாருக்கு எழுதினால் லாபம், யாருக்கு இல்லை என்பது ஒவ்வொருவர் கையிலும் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அமெரிக்காவில் இது மற்ற நாடுகளைவிடச் சிக்கல் என்பதால் இங்கே அதையே விரிவாகப் பார்ப்போம். பிரிட்டனைப் பற்றிக் கடைசியில் கொஞ்சம்.

## ரெக்ரூட்டர் தெரிந்துகொள்ள விரும்புவது என்ன

உங்கள் விசாவின் பெயர் அவருக்கு முக்கியமில்லை. உங்களை எடுத்தால் கம்பெனி அரசுக்கு ஏதாவது மனு போட வேண்டுமா, அப்படியானால் எப்போது, அதில் எச்-1பி வேலை விசாவுக்கு இருப்பதுபோல் லாட்டரி உண்டா என்பதுதான் அவருடைய கேள்வி. நல்ல வரி இந்த மூன்றுக்கும் ஒரே மூச்சில் பதில் சொல்லிவிடும். அதனால் வரியை மூன்று துண்டாக யோசியுங்கள்: இப்போதைய நிலை, அது செல்லும் தேதி, கம்பெனி செய்ய வேண்டிய வேலை.

இந்த வரி தனியாக நிற்பதில்லை. ஆன்லைனில் விண்ணப்பிக்கும்போது கிட்டத்தட்ட எல்லாப் படிவங்களிலும் இரண்டு கேள்விகள் வரும்:

```
Are you legally authorized to work in the United States?

Will you now or in the future require sponsorship for
employment visa status (e.g., H-1B visa status)?
```

முதல் வடிகட்டல் பெரும்பாலும் இந்தப் பதில்களை வைத்துத்தான் நடக்கும். ஸ்பான்சர் செய்யாத கம்பெனி இரண்டாவது கேள்விக்கு `Yes` போட்டவர்களைத் தானாகவே ஒதுக்கும்படி அமைத்திருந்தால், ரெஸ்யூமே எவ்வளவு நன்றாக இருந்தாலும் யாரும் திறந்து பார்க்கப் போவதில்லை. படிவத்தைத் தாண்டி ஆள் கண்ணில் படும்போதுதான் ரெஸ்யூமே வரிக்கு வேலை வருகிறது. அப்போது படிவப் பதிலும் அந்த வரியும் ஒன்றுக்கொன்று முரண்பட்டால், இவர் பொய் சொல்கிறார் என்றே நினைப்பார்கள்.

ஸ்பான்சர் செய்ய மாட்டோம் என்று சொல்ல கம்பெனிகளுக்குச் சட்டப்படி உரிமை உண்டு. குடியுரிமை நிலையை வைத்துப் பாகுபாடு காட்டக்கூடாது என்ற அமெரிக்கக் குடிவரவுச் சட்டப் பிரிவு குடிமக்கள், புதிதாகக் கிரீன் கார்டு பெற்றவர்கள், அகதிகள், புகலிடம் பெற்றவர்கள் ஆகியோரைக் காக்கிறது. எஃப்-1 மாணவர்களுக்கும் எச்-1பி ஊழியர்களுக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை. எனவே `No sponsorship` என்று போட்ட விளம்பரத்தோடு சண்டை போட்டுப் பயனில்லை.

## படி 1: கையில் இருக்கும் காகிதத்தைப் படியுங்கள்

எழுத உட்காரும் முன் உங்கள் ஆவணங்களை மேசைமேல் வையுங்கள். பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசா ஸ்டாம்ப் நாட்டின் வாசலுக்கு வருவதற்கான அனுமதி. உள்ளே எந்த நிலையில், எதுவரை இருக்கலாம் என்பதை ஐ-94 என்ற வருகைப் பதிவு சொல்கிறது. வேலை அனுமதி சிலருக்கு ஈஏடி கார்டாக வரும், சிலருக்கு நிலையோடேயே வந்துவிடும். ஸ்டாம்பில் உள்ள தேதியை ரெஸ்யூமேயில் எழுதுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. எச்-1பி ஸ்டாம்ப் முடிந்துபோயிருந்தாலும், ஐ-94 செல்லும்வரை அமெரிக்காவுக்குள் சட்டப்படி வேலை பார்க்கலாம். வெளியே போய்த் திரும்பும்போதுதான் புது ஸ்டாம்ப் தேவைப்படும்.

ஈஏடி கார்டு இருந்தால் அதில் வகைக் குறியீடு ஒன்று அச்சாகியிருக்கும். `C03B` என்றால் மாணவர் படிப்பு முடிந்தபின் வேலை பார்க்க விடும் ஓபிடி. `C03C` அறிவியல், தொழில்நுட்பப் பட்டக்காரர்களுக்கு அதை நீட்டிக்கும் எஸ்டெம் ஓபிடி. `C26` எச்-1பி ஊழியரோடு எச்-4இல் வந்த துணைவருக்கானது. `C09` கிரீன் கார்டு மனு நிலுவையில் உள்ளவருக்கு. ஈஏடி இருக்கிறது என்று மட்டும் எழுதினால் இந்த நான்கில் எது என்று யாருக்கும் தெரியாது. நான்குக்கும் கம்பெனி செய்ய வேண்டிய வேலை வேறு வேறு. குறியீட்டை ரெஸ்யூமேயில் எழுத வேண்டாம். அது சொல்லும் நிலையைப் பெயர் சொல்லி எழுதுங்கள்.

## படி 2: உங்கள் நிலைக்கான வரி

### எஃப்-1 மாணவர்

தமிழ் வாசகர்களில் பெரும்பாலானோருக்கு இதுதான் பொருந்தும் என்பதால் ஒரு மாணவியை எடுத்துக்கொண்டு முழுவதுமாகப் பார்ப்போம். கம்ப்யூட்டர் சயின்ஸில் எம்எஸ். படிப்பு முடியும் தேதி 2026 மே 15. ஓபிடிக்கு, படிப்பு முடிவதற்கு 90 நாள் முன்பிலிருந்து முடிந்த 60 நாள் வரை ஐ-765 படிவத்தில் விண்ணப்பிக்கலாம். அவர் கேட்ட தொடக்கத் தேதி ஜூன் 15.

கார்டு வருவதற்கு முன்பே வேலை தேடத் தொடங்குகிறார். அப்போது ரெஸ்யூமேயில்:

```
Work authorization: F-1 student; OPT application filed,
requested start June 15, 2026; STEM-eligible degree
```

கார்டு கைக்கு வராமல் முடிவுத் தேதியைப் போடக்கூடாது. அரசு கொடுக்கும் தேதி கேட்ட தேதியிலிருந்து மாறலாம். மாறினால் ரெஸ்யூமே ஒன்று சொல்லும், கார்டு ஒன்று சொல்லும்.

கார்டு வந்துவிட்டது: 2026 ஜூன் 15 முதல் 2027 ஜூன் 14 வரை. இப்போது வரி மாறுகிறது:

```
Work authorization: F-1 OPT through June 14, 2027; eligible for
24-month STEM extension with E-Verify employer (to June 2029)
```

இந்த வரியில் எந்தச் சொல்லையும் சும்மா போடவில்லை. முதல் பாதியைப் படித்ததும், இவரை நாளைக்கே சேர்த்துக்கொள்ளலாம், மனு எதுவும் வேண்டாம் என்று புரிந்துவிடும். அதோடு நிறுத்தினால் ஒரு வருடம்தான் இருக்கிறது என்று கணக்குப் போட்டு ரெக்ரூட்டர் பின்வாங்கலாம். இரண்டாம் பாதி அதை மூன்று வருடமாக்குகிறது. எஸ்டெம் நீட்டிப்புக்குக் கம்பெனி, ஊழியரின் வேலை அனுமதியை ஆன்லைனில் சரிபார்க்கும் ஈ-வெரிஃபை திட்டத்தில் பதிவாகியிருக்க வேண்டும். ஐ-983 என்ற பயிற்சித் திட்டப் படிவத்திலும் கையெழுத்துப் போட வேண்டும். வழக்கறிஞரோ பெரிய கட்டணமோ இல்லாத வேலை. ஆனாலும் கம்பெனியின் பங்கு அதில் இருக்கிறது. ஈ-வெரிஃபை என்ற சொல் அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறது.

இதற்குப் பதிலாகப் பலரும் எழுதுவது இது:

```
Authorized to work, no sponsorship required
```

இது பொய்யாகத்தான் படிக்கப்படும். 2029 ஜூனுக்குப் பிறகும் அங்கேயே வேலை பார்க்க அவருக்கு எச்-1பி போன்ற ஏதாவது வேண்டும். ஆகவே இரண்டாவது படிவக் கேள்விக்கு அவருடைய சரியான பதில் `Yes`. அதில் `in the future` என்று இருக்கிறதே, அதுதான் பிடி. கேள்வி அந்தச் சொற்கள் இல்லாமல், இப்போது தேவையா என்று மட்டும் கேட்டால் `No` சரி. சொல் சொல்லாகப் படித்துப் பதில் போடுங்கள். போன வாரம் வேறு கம்பெனிப் படிவத்தில் போட்டதை அப்படியே ஒட்டாதீர்கள்.

படிவத்தில் `Yes` போட்டவரின் ரெஸ்யூமேயில் தேதியோடு ஒரு வரி இருப்பதால் என்ன பயன் என்று கேட்கலாம். ஸ்பான்சர் செய்யும் கம்பெனிகளில்கூட, இவரை உடனே சேர்க்க முடியுமா, லாட்டரியில் பெயர் வராவிட்டால் என்ன ஆகும் என்ற கவலை மேனேஜருக்கு இருக்கும். எச்-1பி பதிவு ஒவ்வொரு மார்ச்சிலும் நடக்கிறது. வருடத்துக்கு 65,000 இடம், அமெரிக்க முதுகலைப் பட்டக்காரர்களுக்குக் கூடுதலாக 20,000. நம் மாணவி ஓபிடி தொடங்கியதும் சேர்ந்துவிட்டால் 2027, 2028, 2029 மார்ச் என்று மூன்று வாய்ப்பு கிடைக்கும். இந்தக் கணக்கை ரெஸ்யூமேயில் எழுத வேண்டாம், இன்டர்வியூவில் கேட்டால் சொல்லலாம். தேதிகளைப் பார்த்து விஷயம் தெரிந்த மேனேஜர் அதைத் தானே போட்டுக்கொள்வார்.

எழுதவே கூடாத ஒன்று: ஓபிடியில் வேலையில்லாமல் இருக்க 90 நாள்தான் அனுமதி, எஸ்டெம் நீட்டிப்போடு சேர்த்து 150. எத்தனை நாள் மிச்சம் என்பது உங்கள் கவலை. அது ரெஸ்யூமேயில் தெரிந்தால் சம்பளம் பேசும்போது உங்கள் கழுத்தில்தான் கத்தி.

### எச்-1பி

வேலையில் இருந்துகொண்டே மாற நினைப்பவர்கள் எழுத வேண்டியது:

```
Work authorization: H-1B, change of employer (no lottery);
I-140 approved
```

வருடாந்திர எச்-1பி ஒதுக்கீட்டில் ஏற்கெனவே கணக்காகிவிட்டவர் என்பதால் புதுக் கம்பெனி லாட்டரிக்காகக் காத்திருக்க வேண்டாம். வருடத்தில் எந்த மாதமும் ஐ-129 மனு போடலாம். எச்-1பி நிலையில் ஒழுங்காக இருப்பவர், மனு அரசிடம் போய்ச் சேர்ந்ததுமே புது வேலையைத் தொடங்கிவிடலாம். ஒப்புதல் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. லாட்டரி இல்லை என்ற இரண்டு சொல்தான் இந்த வரியில் விலைமதிப்பு. எச்-1பி பெயரைக் கேட்டாலே லாட்டரி என்று பயப்படும் சின்னக் கம்பெனிகள் நிறைய உண்டு. பல்கலைக்கழகம் போல ஒதுக்கீட்டுக்கு வெளியே உள்ள இடத்தில் எச்-1பி வாங்கியவருக்கு மட்டும் இந்த வரி பொருந்தாது. அவர் தனியார் கம்பெனிக்கு மாற லாட்டரி வழியாகத்தான் வர வேண்டும்.

கம்பெனி போடும் கிரீன் கார்டு மனுவான ஐ-140 ஒப்புதலானவர் அதை எழுதுவது ஏன்? எச்-1பிக்கு ஆறு வருட உச்சவரம்பு. ஐ-140 ஒப்புதலாகி, கிரீன் கார்டு வரிசையில் தேதி வராமல் காத்திருப்பவர் அந்த ஆறு வருடத்தைத் தாண்டியும் நீட்டிக்கலாம். அதை எழுதாவிட்டால் ஐந்தாவது வருடத்தில் இருப்பவரைப் பார்த்து, இன்னும் ஒரு வருடத்தில் கிளம்பிவிடுவார் என்று நினைப்பார்கள். ஐ-140 இல்லாதவர் ஆறாவது வருடம் எப்போது முடிகிறது என்பதை, நிறைய மிச்சமிருந்தால் மட்டும் எழுதலாம். கிரீன் கார்டு வரிசையில் உங்கள் இடத்தைச் சொல்லும் முன்னுரிமைத் தேதியை எழுத வேண்டியதில்லை.

எச்-1பி ஆட்கள் படிவத்தில் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. என்னிடம்தான் விசா இருக்கிறதே என்று இரண்டாவது கேள்விக்கு `No` போட்டுவிடுகிறார்கள். உங்கள் எச்-1பி இப்போதைய கம்பெனியின் பெயரில் இருக்கிறது. புதுக் கம்பெனி தன் பெயரில் மனு போட்டே ஆக வேண்டும். பதில் `Yes`. முதல் கேள்வியில் கூடுதலாக இரண்டு சொல் வந்தாலும் கவனம்:

```
Are you authorized to work for any employer in the United States?
```

எச்-1பியில் எந்தக் கம்பெனிக்கும் வேலை செய்ய முடியாது. எனவே இதற்கு `No`. ஓபிடியில் இருப்பவர் தன் படிப்புக்குத் தொடர்பான வேலையை எந்தக் கம்பெனியிலும் செய்யலாம் என்பதால் அவருக்கு `Yes`.

வேலை போனவருக்கு 60 நாள் அவகாசம் உண்டு. ஐ-94 அதற்கு முன்பே முடிந்தால் அதுவரைதான். இதை ரெஸ்யூமேயில் எழுதாதீர்கள். முதல் போனிலேயே ரெக்ரூட்டரிடம் வாயால் தேதியைச் சொல்லிவிடுங்கள். ஆபர் வந்தபின் சொன்னால் கம்பெனியின் வழக்கறிஞருக்கு மனு தயாரிக்க நாள் போதாமல் போகும்.

### எல்-1

ஐடி கம்பெனி அனுப்பி எல்-1இல் வந்தவர்களில் சிலர், அமெரிக்காவில் வேலை பார்க்கிறேன், விசா இருக்கிறது என்று எழுதுகிறார்கள். எல்-1 அந்தக் கம்பெனியோடு கட்டிப்போட்டது. வேறு கம்பெனிக்கு மாற்ற வழியில்லை. ஒதுக்கீட்டில் முன்பு கணக்காகாதவர் புதுக் கம்பெனிக்குப் போக மார்ச் லாட்டரி வழியாகத்தான் வர வேண்டும். ஆகவே ரெஸ்யூமேயில் இதை எழுதுவதால் லாபமில்லை. படிவத்தில் உண்மையைச் சொன்னால் போதும். முன்பு ஒருமுறை எச்-1பி வாங்கிப் பிறகு எல்-1க்கு வந்தவர் என்றால் கதை வேறு. அதைக் கட்டாயம் எழுதுங்கள்.

### எச்-4, எல்-2 துணைவர்கள்

எச்-4இல் இருப்பவருக்கு வேலை அனுமதி தானாக வராது. துணைவருக்கு ஐ-140 ஒப்புதலாகியிருக்க வேண்டும், அல்லது அவர் ஆறு வருடத்தைத் தாண்டிய எச்-1பி நீட்டிப்பில் இருக்க வேண்டும். அப்படிக் கார்டு வாங்கியவர் எந்தக் கம்பெனிக்கும் வேலை செய்யலாம். கம்பெனி எந்த மனுவும் போட வேண்டியதில்லை, புதுப்பிப்பையும் அவரே போட்டுக்கொள்கிறார்.

```
Work authorization: H-4 EAD, any employer,
valid through March 31, 2028; no employer petition needed
```

தேதியை விட்டுவிடாதீர்கள். 2025 அக்டோபர் 30 முதல் போடப்படும் எச்-4 ஈஏடி புதுப்பிப்பு மனுக்களுக்கு, பழைய கார்டு தானாக நீண்டுகொண்டிருந்த வசதியை அரசு எடுத்துவிட்டது. கார்டு முடிந்து புதுக் கார்டு வரவில்லையென்றால் வேலையை நிறுத்த வேண்டியதுதான். கம்பெனிகளின் மனிதவளத் துறைகளுக்கு இது தெரியும். தேதி இல்லாத எச்-4 வரியைப் பார்த்தால் அடுத்த மாதமே முடிகிறதோ என்று சந்தேகம் வரும். முடிய நான்கைந்து மாதமே இருந்தால், புதுப்பிப்பு மனு போட்டாகிவிட்டதா என்பதையும் சேருங்கள்.

எல்-2 துணைவருக்குக் கார்டே தேவையில்லை. ஐ-94இல் `L-2S` என்று இருந்தால் அதுவே வேலை அனுமதி. அதையும் ஐ-94 தேதியையும் எழுதினால் போதும்.

### கிரீன் கார்டு, குடியுரிமை

அமெரிக்காவிலேயே பள்ளி, கல்லூரி என்று வளர்ந்தவர் எதுவும் எழுத வேண்டாம். பிஇ கோவையில், முதல் ஐந்து வருட வேலை பெங்களூரில் என்று ரெஸ்யூமே இருந்தால் நிலைமை வேறு. பெயரையும் கல்லூரியையும் பார்த்து, இவருக்கு ஸ்பான்சர் தேவை என்று ரெக்ரூட்டர் மனதுக்குள் முடிவு கட்டிவிடுவார். அது நியாயமில்லை, ஆனால் நடக்கிறது. `U.S. permanent resident` அல்லது `U.S. citizen` என்ற சொற்களோடு ஒரு வரி அதைச் சரிசெய்யும். ராணுவத் தொழில்நுட்பம், விண்வெளித் துறை போன்ற இடங்களில் `U.S. person` என்று கேட்பார்கள். கிரீன் கார்டு உள்ளவரும் அதில் அடக்கம், எச்-1பியும் எஃப்-1உம் இல்லை. பாதுகாப்பு அனுமதி தேவைப்படும் வேலை என்றால் குடியுரிமையே வேண்டும்.

### இந்தியாவிலிருந்து விண்ணப்பிப்பவர்

கையில் எதுவுமில்லை என்றால், ஸ்பான்சர் வேண்டும் என்று ரெஸ்யூமேயில் எழுதாதீர்கள். முகவரியில் சென்னை என்று இருப்பதே அதைச் சொல்லிவிடும். படிவத்தில் முதல் கேள்விக்கு `No`, இரண்டாவதுக்கு `Yes`. சிலர் நண்பர் வீட்டு டெக்சாஸ் முகவரியைப் போடுகிறார்கள். முதல் போன் அழைப்பிலேயே அது வெளிப்பட்டுவிடும்.

முன்பு எச்-1பியில் சில வருடம் இருந்துவிட்டுத் திரும்பியவர்களுக்குக் கையில் ஒரு சொத்து இருக்கிறது, பலருக்கு அது தெரிவதே இல்லை. ஒருமுறை ஒதுக்கீட்டில் கணக்கானவர், ஆறு வருடத்தில் மிச்சமிருக்கும் காலத்துக்கு லாட்டரி இல்லாமலே திரும்ப வரலாம்.

```
Previously counted against H-1B cap; approx. 3 years
remaining, no lottery required
```

ஆனால் இப்போது இதில் ஒரு முட்டுக்கட்டை. 2025 செப்டம்பர் 21 முதல் போடப்படும் புது எச்-1பி மனுக்களில், அமெரிக்காவுக்கு வெளியே இருந்து, செல்லுபடியாகும் எச்-1பி விசா இல்லாதவருக்குக் கம்பெனி 1,00,000 டாலர் கட்ட வேண்டும் என்று அதிபரின் பிரகடனம் வந்தது. அமெரிக்காவுக்குள்ளேயே எஃப்-1இலிருந்து எச்-1பிக்கு மாறுபவருக்கும், கம்பெனி மாறுபவருக்கும் அந்தக் கட்டணம் இல்லை என்று குடிவரவுத் துறை பிறகு விளக்கியது. பிரகடனம் 12 மாதத்துக்கானது, நீட்டிக்கவும் வழி வைத்திருக்கிறது. விண்ணப்பிக்கும் நாளில் அது நடைமுறையில் உள்ளதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவுக்குள் இருப்பவர்கள் ஊரின் பெயரை, உதாரணமாக `Dallas, TX` என்று, விசா வரிக்குப் பக்கத்தில் காட்டுவது முன்பைவிட முக்கியமானதும் இதனால்தான்.

## படி 3: எங்கே வைப்பது

பெயர், போன், மின்னஞ்சல், ஊர். அதற்கு அடுத்த வரி இது. அனுபவப் பத்திகளுக்குக் கீழே, பொழுதுபோக்குக்குப் பக்கத்தில் வைத்தால் யாரும் பார்க்க மாட்டார்கள். எழுத்தளவு மற்ற வரிகளைப் போலவே இருக்கட்டும். தடித்த எழுத்து, வண்ணப் பெட்டி எதுவும் வேண்டாம்.

வேர்டில் பக்கத்தின் தலைப்பகுதிக்குள்ளோ டெக்ஸ்ட் பாக்ஸுக்குள்ளோ தொடர்பு விவரங்களைப் போடும் டெம்ப்ளேட்டுகள் பல உண்டு. ரெஸ்யூமேயைப் படித்துத் தரவாக்கும் மென்பொருள்களில் சில அந்தப் பகுதிகளை விட்டுவிடும். சோதிப்பது எளிது: பிடிஎஃபைத் திறந்து, முழுவதையும் தேர்ந்தெடுத்து, காப்பி செய்து நோட்பேடில் ஒட்டுங்கள். விசா வரி அதன் இடத்தில், உடையாமல் வந்தால் சரி. வராவிட்டால் வரியைப் பக்கத்தின் உடல் பகுதிக்கு மாற்றுங்கள்.

பாஸ்போர்ட் எண், விசா எண், ஈஏடி கார்டு எண், ஏ-நம்பர், செவிஸ் எண், பிறந்த தேதி, திருமண நிலை, புகைப்படம், இவற்றில் எதுவும் அமெரிக்க ரெஸ்யூமேயில் இருக்கக்கூடாது. நம் ஊர் பயோடேட்டா பழக்கத்தில் பாஸ்போர்ட் எண்ணைப் போட்டுவிடுவோர் இன்னும் உண்டு. ஆவணங்களைச் சரிபார்ப்பது ஆபரை ஏற்றுக்கொண்ட பிறகு ஐ-9 படிவத்தில் நடக்கும்: ஊழியர் தன் பகுதியை வேலையின் முதல் நாளுக்குள் நிரப்ப வேண்டும், கம்பெனி ஆவணங்களைத் தொடங்கிய மூன்று வேலைநாளுக்குள் பார்த்து முடிக்க வேண்டும். எந்த ஆவணத்தைக் காட்டுவது என்பதும், அனுமதிக்கப்பட்ட பட்டியலிலிருந்து ஊழியரே தேர்ந்தெடுப்பது. இன்டர்வியூவுக்கு முன்பே ஈஏடியின் இருபக்க ஸ்கேன் கேட்பவருக்கு உங்கள் வேலையைவிட உங்கள் கார்டில்தான் ஆர்வம் இருக்கலாம்.

## கன்சல்டன்சி வழியாகப் போகும்போது

இங்கேதான் மிகப் பெரிய சேதம் நடக்கிறது. நீங்கள் ஓபிடி என்று அனுப்பிய ரெஸ்யூமேயில் இடையில் இருப்பவர் கிரீன் கார்டு என்று பொருள்படும் `GC` என்றோ அமெரிக்கக் குடிமகன் என்று பொருள்படும் `USC` என்றோ மாற்றி கிளையன்டுக்கு அனுப்பியிருப்பார். இன்டர்வியூவில் கிளையன்ட் கேட்டால் ஆமாம் என்று சொல்லுங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பார். அவருக்குப் போவது கமிஷன் மட்டும்தான். அமெரிக்கக் குடிமகன் என்று பொய்யாகக் கோருவது, அமெரிக்காவுக்குள் நுழைவதையே ஆயுளுக்கும் தடுக்கும் காரணமாகச் சட்டத்தில் இருக்கிறது. மிகச் சிலருக்கே விலக்கு. வேலை வாங்குவதற்காகச் சொன்ன பொய்யும் அதில் சேரும். ஐ-9 படிவத்தில் குடிமகன் என்ற கட்டத்தில் டிக் போட்டது பல வருடம் கழித்துக் கிரீன் கார்டு நேர்காணலில் தலைதூக்கும். அதற்கு மன்னிப்பு வாங்கும் வழி கிட்டத்தட்ட இல்லை.

ஆகவே அவர்களிடம் ஒன்றைக் கேளுங்கள்: கிளையன்டுக்கு அனுப்பப்போகும் ரெஸ்யூமேயின் பிரதியை எனக்கும் அனுப்புங்கள். எழுத்தில், மின்னஞ்சலில் கேளுங்கள். தர மறுத்தால் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுங்கள். வந்தால் விசா வரியையும் அனுபவ வருடங்களையும் மட்டுமாவது ஒப்பிட்டுப் பாருங்கள். போலி அனுபவம் சேர்ப்பவர்களும் பெரும்பாலும் இதே ஆட்கள்தான்.

போனிலும் இதே ஒழுங்கு வேண்டும். ரெக்ரூட்டர் உங்கள் ஸ்டேட்டஸ் என்ன என்று கேட்டால், ரெஸ்யூமே வரியை அப்படியே வாயால் சொல்லுங்கள்: எஃப்-1 ஓபிடி, 2027 ஜூன் 14 வரை, எஸ்டெம் நீட்டிப்போடு 2029 ஜூன் வரை, அதன் பிறகு எச்-1பி தேவைப்படும். பேச்சு நன்றாகப் போகிறதே என்று கடைசி வாக்கியத்தை விழுங்கிவிட்டால் ஆபர் கட்டத்தில் அது பிரச்சினையாகத் திரும்பி வரும்.

## பிரிட்டனுக்கு இதே வரியை அனுப்பாதீர்கள்

ஒரே ரெஸ்யூமேயை இரண்டு நாட்டுக்கும் அனுப்புபவர்கள் இந்த வரியை மட்டுமாவது மாற்ற வேண்டும். அங்கே வழக்கமான சொல் `Right to work`. கிராஜுவேட் விசாவில் இருப்பவர் முடியும் தேதியையும், அதுவரை ஸ்பான்சர் தேவையில்லை என்பதையும் எழுதலாம். இந்த விசா பட்டதாரிகளுக்கு இரண்டு வருடம், பிஎச்டிக்கு மூன்று வருடம். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் பட்டதாரிகளுக்கு 18 மாதம்தான். ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் இருப்பவர் அமெரிக்க எச்-1பி போல மனு போனதுமே வேலையைத் தொடங்க முடியாது. புதுக் கம்பெனி உரிமம் பெற்ற ஸ்பான்சராக இருந்து சான்றிதழ் ஒதுக்க வேண்டும், பிறகு விசா விண்ணப்பம் ஒப்புதலாக வேண்டும், அதற்குப் பின்தான் வேலை. எனவே எப்போது சேர முடியும் என்று கேட்டால் நோட்டீஸ் காலத்தோடு அந்தக் காத்திருப்பையும் கூட்டிச் சொல்லுங்கள். வேலை உரிமையை நிரூபிக்கும் ஷேர் கோடு 90 நாள்தான் செல்லும். அதை ரெஸ்யூமேயில் அச்சடிக்காமல், கம்பெனி கேட்கும்போது புதிதாக எடுத்துக் கொடுங்கள்.

## மாற்ற வேண்டிய நாட்கள்

இந்த வரி ஒருமுறை எழுதி மறந்துவிடும் வரி அல்ல. நம் மாணவிக்கு இது குறைந்தது நான்கு முறை மாறும்: ஓபிடி கார்டு வந்த அன்று, 2027 மார்ச் மத்தியில் எஸ்டெம் நீட்டிப்புக்கு விண்ணப்பித்த அன்று (ஓபிடி முடிய 90 நாள் முன்பிருந்து போடலாம், காலத்தோடு போட்டுவிட்டால், கார்டு முடிந்தாலும் 180 நாள் வரை வேலையைத் தொடரலாம்), எஸ்டெம் கார்டு வந்த அன்று, எச்-1பி ஒப்புதலான அன்று. லாட்டரியில் பெயர் வந்ததுமே எச்-1பி என்று எழுதிவிடுகிறார்கள். அது இன்னும் எச்-1பி அல்ல. மனு போட வேண்டும், ஒப்புதலாக வேண்டும், வழக்கமாக அக்டோபர் 1 அன்றுதான் நிலை மாறும். நடுவில் கம்பெனியை விட்டுப் போய் அந்தக் கம்பெனி மனுவைத் திரும்பப் பெற்றால், லாட்டரியில் கிடைத்த இடமும் போய்விடும்.

ஒவ்வொரு முறை மாற்றும்போதும் லிங்க்டுஇன், நீங்கள் கணக்கு வைத்திருக்கும் வேலைத் தளங்கள், கன்சல்டன்சியிடம் இருக்கும் பழைய பிரதி எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுங்கள். வொர்க்டே போன்ற அமைப்புகளில் ஒவ்வொரு கம்பெனிக்கும் தனிக் கணக்கு. போன வருடம் ஏற்றிய ரெஸ்யூமே அங்கேயே கிடக்கும். அதே கம்பெனிக்கு மறுபடி விண்ணப்பிக்கும்போது பழைய கோப்பை நீக்கிவிட்டுப் புதியதை ஏற்றுங்கள். இரண்டு கேள்விகளுக்கும் பழைய பதில் முன்கூட்டியே நிரம்பியிருந்தால், அதையும் பார்த்துவிட்டே அனுப்பும் பட்டனை அழுத்துங்கள்.